‘கண்ணைப் பறிக்கும்’ சேலை எத்தனை மீட்டர்?

“பாரம்பரியத்தின் பெருமையும் புதுமையின் நளினமும் இழையோடும் கண்ணைப் பறிக்கும் கைத்தறிச் சேலை. 80 கவுண்ட் மெல்லிய தூய பருத்தி. அணிந்தால் இறகு போன்ற சுகம். எந்த விழாவிலும் எல்லோர் பார்வையும் உங்கள் மேல்தான்! நீளம் 6.2 மீட்டர். டிரை கிளீன் மட்டும்.”

இணையத்தில் சேலை விற்கும் சிறு கடைகளில் இந்த மாதிரியான விவரக் குறிப்பைப் பார்க்காதவர்கள் குறைவு. மேலே உள்ளது ஓர் எடுத்துக்காட்டுக்காக எழுதியது. காரைக்குடிப் பக்கம் நெய்த ஒரு பருத்திச் சேலைக்கானது என்று வைத்துக்கொள்வோம். கடுகு மஞ்சள் உடல், பெரிய கட்டம், இரு பக்கமும் அகலமான அரக்குக் கரை. குறிப்பில் ஆறு வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் தகவலே இல்லை. தகவல் உள்ள மற்ற மூன்றுமே வாங்குபவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

ஜவுளிக் கடைக்குப் போகும் ஒரு பெண் என்ன செய்கிறார் என்று கவனித்தால் விஷயம் விளங்கும். சேலையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். ஒரு மடிப்பைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். முந்தியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். “சாயம் போகுமா? ரவிக்கைத் துணி இருக்கா?” என்று கேட்பார். திரையில் வாங்கும்போது இந்த நான்கும் நடக்காது. அவருடைய கையும் கண்ணும் கேள்வியும் கண்டுபிடித்திருக்கக் கூடியதைக் குறிப்பு சொல்லியாக வேண்டும். ‘கண்ணைப் பறிக்கும்’ என்பதைப் படத்தைப் பார்த்து அவரே முடிவு செய்துகொள்வார்.

ஆகவே குறிப்பைத் திருத்துகிறவர் முதலில் தேட வேண்டியது சேலையை. அதை ஒரு மேசையில் விரித்து, பக்கத்தில் அளவு நாடா, சமையலறைத் தராசு, ஒரு வெள்ளைத் துணித்துண்டு, ஒரு கிண்ணம் தண்ணீர் ஆகியவற்றை வைத்துக்கொண்டால் வேலையில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதி நெசவாளரிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்வது.

முதலில் நூல். பருத்தி நூலின் மெல்லிசு, பருமனை ஒரு எண்ணால் சொல்வார்கள். கடைக்காரர்கள் ‘கவுண்ட்’ என்பார்கள், தறிக்காரர்கள் ‘எண்பதாம் நம்பர் நூல்’ என்பார்கள். 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் அந்த நம்பர். 80-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டை, அதாவது சுமார் 454 கிராமை, நீட்டினால் ஏறத்தாழ 61 கிலோமீட்டர் போகும். 40-ஆம் நம்பரில் அதே எடை 31 கிலோமீட்டர்தான். நம்பர் கூடக் கூட நூல் மெலியும்.

எடுத்துக்கொண்ட சேலையைத் தராசில் வைத்தால் 520 கிராம் காட்டுகிறது. நீளம் 6.2 மீட்டர், அகலம் 118 சென்டிமீட்டர். ஓரங்குலத்துக்குப் பாவில் சுமார் 60 இழையும் ஊடையில் சுமார் 52 இழையும் இருக்கின்றன. துணிக்கடைகளில் கிடைக்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து இதை எண்ணிவிடலாம். இந்த அடர்த்தியில் ஒற்றை இழை 80-ஆம் நம்பர் நூலால் நெய்திருந்தால் சேலை 260 கிராமுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இது அதைப்போல் இரண்டு மடங்கு. குறிப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது. நெசவாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால் ஒரே வரியில் தெளிந்துவிடும்.

“அண்ணே, இந்தக் கடுகு மஞ்சள் சேலை எத்தனாம் நம்பர் நூல்?”

“எண்பதும்மா. ரெட்டை இழை.”

அந்த ‘ரெட்டை இழை’தான் குறிப்பில் தொலைந்துபோனது. இரண்டு 80-ஆம் நம்பர் இழைகளை முறுக்கி ஒன்றாக்கினால் அதன் பருமன் 40-ஆம் நம்பருக்குச் சமம். நூல் சிப்பத்தில் இது 2/80 என்று எழுதப்பட்டிருக்கும். விற்பனைக் குறிப்பு எழுதுகிறவர் முன்னால் உள்ள 2-ஐ விட்டுவிட்டு ‘80 கவுண்ட்’ என்று போட்டுவிடுகிறார். பல சமயம் ஏமாற்றும் எண்ணம் இருப்பதில்லை, அந்த 2 என்ன என்பது அவருக்கே தெரிவதில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். இறகு போன்ற மெல்லிய சேலையை எதிர்பார்த்தவருக்கு அரைக்கிலோவுக்கு மேல் எடையுள்ள கெட்டித் துணி வந்து சேரும். அது மோசமான சேலை என்று பொருளல்ல. ரெட்டை இழை உறுதியானது, நாள்பட உழைக்கும், கொசுவம் நிற்கும். அலுவலகத்துக்குத் தினமும் கட்டுகிறவர் தேடுவதே இதைத்தான். அவருக்கு இந்தச் சேலை கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் ‘இறகு’ என்ற சொல்.

வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் நூல் நம்பர் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் நம்பரைச் சொன்ன கையோடு அது உடம்பில் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடையைக் கிராமில் போடுவது இதற்கு நல்ல வழி, ஏனென்றால் வீட்டில் இருக்கும் தன் சேலையை எடை போட்டு ஒப்பிட்டுக்கொள்ள யாராலும் முடியும். துணிக்கு அடியில் கையை வைத்து வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால், உள்பாவாடை நிறம் வெளியே தெரியுமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது நெசவு. இந்தக் கட்டமும் அகலக் கரையும் பார்த்தவுடன் ‘கண்டாங்கி’ என்று எழுதத் தோன்றும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இனி அந்தப் பெயர் ஒரு ஊரையும் அங்குள்ள தறிகளையும் சுட்டும் பெயர். வேறு மாவட்டத்து விசைத்தறியில் நெய்த கட்டச் சேலைக்கு அந்தப் பெயரைப் போடுவது சட்டப்படியும் சரியில்லை. சேலை எந்த ஊரில் நெய்தது, எந்தச் சங்கத்திலிருந்து வந்தது என்று ரசீதைப் பார்த்து உறுதி செய்த பிறகே அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும். உறுதி செய்ய முடியாவிட்டால் ‘பெரிய கட்டம், அகலக் கரை’ என்று கண்ணுக்குத் தெரிவதை எழுதினால் போதும்.

‘கைத்தறி’ என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பது இந்தத் தொழிலின் பழைய நோய். கைத்தறியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்களைச் சொல்வார்கள். நெய்யும்போது துணி உள்வாங்காமல் இருக்க இரு ஓரத்தையும் ஒரு குச்சியால் விரித்துப் பிடிப்பார்கள். அதன் முனை பட்ட ஊசித்துளைகள் கரையோரம் தெரியும். ஓரம் ஒரே நேர்கோடாக இல்லாமல் லேசாக அலையும். ஆனால் விசைத்தறியிலும் ஓரத்தில் துளை விழும், அனுபவம் குறைந்தவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இந்த அடையாளங்கள் சந்தேகப்பட உதவும், அவற்றை மட்டும் வைத்துச் சான்று கொடுக்க முடியாது. நம்பக்கூடியது சங்கத்தின் ரசீது, அல்லது 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை. கோ-ஆப்டெக்ஸ் சேலைகளில் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைப் பலர் பார்த்திருப்பார்கள். சிறு கடைகளும் நெசவாளரின் சம்மதத்தோடு அதைச் செய்யலாம். ‘தலைமுறை தலைமுறையாய்க் கலைஞர்களின் கைவண்ணத்தில்’ என்ற வரிக்குப் பதிலாக ஊர்ப் பெயரையும் தறியின் வகையையும் எழுதினால் அதற்குப் பத்து மடங்கு மதிப்பு உண்டு.

அளவில் விளையும் சண்டைகள்தான் அதிகம். ‘நீளம் 6.2 மீட்டர்’ என்பதில் பொய் இல்லை. அதில் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதை வெட்டிய பிறகு கட்டுவதற்கு மிஞ்சுவது 5.4 மீட்டர். ஆறு கஜம் என்றால் 5.49 மீட்டர், ஆகவே ஆறு கஜச் சேலையைவிட இது ஒன்பது சென்டிமீட்டர் குறைவு. மெலிந்த உடல்வாகு உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இடுப்புச் சுற்றளவு கூடியவருக்குக் கொசுவத்தில் ஒரு மடிப்பு குறையும், அல்லது முந்தி சற்று மேலே ஏறும். அதனால் சேலையின் நீளத்தையும் ரவிக்கைத் துணியையும் எப்போதும் தனித்தனியாகவே எழுத வேண்டும்.

அகலத்தைப் பலரும் எழுதுவதே இல்லை. உயரமானவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். 118 சென்டிமீட்டர் என்பது 46 அங்குலத்துக்குச் சற்று மேல். இடுப்பிலிருந்து தரை வரை 42 அங்குலம் உள்ள ஒரு பெண்ணுக்கு, உள்ளே சொருக நான்கு அங்குலம் மிஞ்சும். 44 அங்குலம் உள்ளவருக்கு இரண்டுதான் மிஞ்சும், செருப்பு போட்டால் கணுக்கால் தெரியும். ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்று எழுதுவதைவிட அகலத்தை எழுதிவிட்டால் அவரவர் நாடாவை எடுத்து முடிவு செய்துகொள்வார்கள்.

பராமரிப்புதான் மிக அலட்சியமாக எழுதப்படும் பகுதி. ‘டிரை கிளீன் மட்டும்’ என்பதைக் கடைக்காரர்கள் எல்லாச் சேலைக்கும் ஒட்டிவிடுகிறார்கள். நூறு சேலைக்கும் ஒரே வரி என்றால் வேலை மிச்சம், பின்னால் புகார் வந்தால் ‘எழுதியிருந்தோமே’ என்று தப்பித்துக்கொள்ளலாம். சாயமேற்றிய பருத்திச் சேலையைக் காலம் முழுதும் டிரை கிளீனுக்குக் கொடுப்பது வாங்குபவரின் பணத்துக்குக் கேடு. அன்றாடம் கட்டும் சேலை என்றால் அதைச் சொல்லும் வரியே அவரை ஓட வைத்துவிடும்.

உண்மையைத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அரக்குக் கரையின் உள்பக்க மூலையில் பத்து முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். எடுத்துக்கொண்ட சேலையில் துணி இளஞ்சிவப்பாகிறது என்று வைப்போம். மஞ்சள் உடலில் தேய்த்தால் நிறம் ஒட்டவில்லை. அரக்கு, கறுப்பு, கருநீலம் போன்ற கனத்த நிறங்களில் இது அடிக்கடி நடக்கும். நூலுக்குச் சாயம் போட்ட பிறகு, இழையோடு சேராமல் மேலே தங்கிய மிச்சச் சாயத்தைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்து அலசி எடுக்க வேண்டும். அந்த அலசல் குறைந்தால் அது முதல் சில துவைப்புகளில் வெளியே வரும். அப்படி வரும் மிச்சம் இரண்டு மூன்று துவைப்பில் நின்றுவிடும். ஐந்தாறு துவைப்புக்குப் பிறகும் தண்ணீர் சிவந்தால் சாயமே சரியில்லை என்று அர்த்தம். வீடுகளில் கல் உப்புத் தண்ணீரில் ஊற வைக்கும் வழக்கம் உண்டு. அது சாயம் கசிவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், ஒட்டாத சாயத்தை ஒட்ட வைக்காது. அதனால் குறிப்பில் உப்புக் கைவைத்தியத்தை உத்தரவாதம் போல எழுதாமல் இருப்பது நல்லது.

சுருக்கத்தையும் சோதித்துவிடலாம். சோதனைக்கென்று ஒதுக்கிய ரவிக்கைத் துணியில் 50 சென்டிமீட்டர் அளந்து இரண்டு புள்ளி வைத்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தால் 48.5 வருகிறது. மூன்று விழுக்காடு. 5.4 மீட்டர்ச் சேலையில் இது சுமார் 16 சென்டிமீட்டர். ரவிக்கை தைக்கும் முன் துணியை நனைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவே காரணம். ஒரே நூலில் ஒரே தறியில் நெய்த சேலைகளுக்கு ஒரு சோதனை போதும், நூல் மாறினால் மறுபடி செய்ய வேண்டும்.

இவ்வளவும் கையில் வந்தபின் எழுதுவது சுலபம். திருத்திய குறிப்பு இப்படி வரும்:

“காரைக்குடி கண்டாங்கி, கைத்தறிப் பருத்திச் சேலை. கடுகு மஞ்சள் உடலில் பெரிய கட்டம், இரு பக்கமும் அகலமான அரக்குக் கரை. பாவும் ஊடையும் 80-ஆம் நம்பர் ரெட்டை இழைப் பருத்தி, வேறு நூல் கலப்பு இல்லை. எடை 520 கிராம். கெட்டியான துணி, கொசுவம் நிற்கும், உள்பாவாடை நிறம் வெளியே தெரியாது. கஞ்சி போட்டிருப்பதால் முதலில் விறைப்பாக இருக்கும், சில துவைப்புகளில் தளரும். சேலை 5.4 மீட்டர், அதோடு சேர்ந்த ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர், அகலம் 118 சென்டிமீட்டர். துவைத்ததும் சுமார் 3 விழுக்காடு சுருங்கும், ரவிக்கைத் துணியை நனைத்த பிறகு தைக்கவும். அரக்குக் கரையில் முதல் இரண்டு மூன்று முறை சாயம் கசியும், குளிர்ந்த நீரில் தனியாகக் கையால் துவைக்கவும், ஊற வைக்க வேண்டாம், நிழலில் உலர்த்தவும். லேசான ஈரத்தில் இஸ்திரி போடலாம். டிரை கிளீன் தேவையில்லை.”

பழைய குறிப்பைவிட இது நீளம். யாரும் படிக்க மாட்டார்கள் என்று கடைக்காரர் கவலைப்படலாம். பணம் கட்டப் போகிறவர் படிப்பார். படிக்காதவருக்கு முதல் இரண்டு வாக்கியமும் படமும் போதும். ‘சாயம் கசியும்’ என்று தாமே ஒப்புக்கொள்வதா என்றும் தயங்குவார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் வாடிக்கையாளர் அந்தச் சேலையை வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறப்போட்ட பிறகு சொல்ல வேண்டிவரும்.

பட்டுக்கு வந்தால் இன்னும் இரண்டு சொற்களில் கண் வைக்க வேண்டும். ஒன்று ‘சில்க்’. ‘ஆர்ட் சில்க்’ என்பது செயற்கை இழை, ரேயானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். ‘சாஃப்ட் சில்க்’ என்ற பெயரில் உண்மையான பட்டும் விற்கிறது, பாலியெஸ்டரும் விற்கிறது. முந்திக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையைக் கிள்ளி எரித்தால் தெரிந்துவிடும். பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். ஆனால் பாவு ஒன்று, ஊடை ஒன்று என்று கலந்திருக்கலாம், ஆகவே இரண்டு திசை இழையையும் எரித்துப் பார்க்க வேண்டும். பட்டு முத்திரைச் சீட்டு இருந்தால் அதைப் படம் எடுத்துப் போடுவது நல்லது. அந்த முத்திரை பட்டு இழைக்குத்தான் பேசும். ஜரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஜரிகைதான் இரண்டாவது சொல். பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியதும் ஜரிகை, செம்புக் கம்பிக்கு முலாம் பூசியதும் ஜரிகை, பளபளக்கும் பிளாஸ்டிக் இழையும் ஜரிகை என்றே விற்கிறது. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எது என்று எழுதாத குறிப்பு முழுமையாகாது. அதேபோல காஞ்சிபுரச் சேலைக்குக் ‘கோர்வை’ என்று எழுதினால், உடலும் கரையும் சேரும் இடத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட்டி, ஒவ்வோர் ஊடைக்கும் இழையை இழையோடு கோத்து நெய்வது அது. பழைய முறையில் பக்கத்தில் ஓர் உதவியாளும் உட்கார வேண்டும். அதற்குத்தான் கூடுதல் கூலி. அந்தக் கோப்பு தெரியும் ஒரு படம் ‘ராஜகம்பீரம்’ என்ற சொல்லைவிட விலையை நன்றாக விளக்கிவிடும்.

கடைசியாக, இந்தக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு வரி உண்டு: ‘சிறு குறைகள் கைத்தறியின் அழகு, அவை பழுதல்ல.’ பாதி உண்மை. இழை அறுந்தால் நெசவாளர் முடிச்சுப் போடுவார், அந்த முடிச்சு பின்பக்கம் தட்டுப்படும். நூலில் அங்கங்கே தடித்த இடம் வரும். ஓரம் கொஞ்சம் அலையும். இவற்றைக் கைத்தறியின் இயல்பு என்று எழுதலாம். ஆனால் ஊடை விட்டுப்போய்க் குறுக்கே கோடாகத் தெரியும் இடைவெளி, ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் மாறியதால் நடுவில் பட்டையாக நிறம் வேறுபடுவது போன்றவை பழுதுதான். அவை இருந்தால் முந்தியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி, எவ்வளவு பெரிது என்று எழுதி, பக்கத்தில் நாடாவை வைத்து ஒரு படம் எடுத்து, விலையைக் குறைத்துப் போடலாம். கொசுவத்துக்குள் மறையும் இடத்தில் இருக்கும் கோடு என்றால் அதை அந்த விலைக்கு மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.